பதினைந்து சதவீதம் என்று எழுதிய மூட்டை

ஜார்ஜ் டவுனில் பினாங்குச் சாலைப் பக்கமோ லிட்டில் இந்தியாவிலோ ஒரு மளிகைக் கடையில் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டை வாங்கினால், பையின் மேல் 5 என்றோ 10 என்றோ 15 என்றோ ஒரு சதவீதம் அச்சாகியிருக்கும். அரிசியில் உடைசல் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கான அளவு அது. 15 என்று போட்ட மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கறுப்பு அட்டையில் பரப்பிப் படம் எடுங்கள். படத்தில் உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினால் நூற்றுக்கு முப்பது உடைசலாக வரும். அரிசி ஆலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரலாம். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். அவருடைய கணக்கு வேறு, உங்கள் படத்தின் கணக்கு வேறு.

2023 செப்டம்பர் 1 அன்று மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. உள்ளூர் அரிசியோ அரசுக் கட்டுப்பாட்டில் 10 கிலோ 26 ரிங்கிட்டிலேயே நின்றது. எல்லாரும் மலிவான அரிசிக்குத் திரும்ப, உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. உள்ளூர் அரிசியை இறக்குமதிப் பைக்குள் மாற்றிக் கட்டி விற்கிறார்கள் என்ற புகார் கிளம்பியது. வீட்டில் சோறு வடிக்கிறவர்கள்கூட அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, இது உள்ளூரா வெளியூரா, இவ்வளவு குருணை ஏன் என்று கேட்கத் தொடங்கினார்கள். முதல் கேள்விக்குப் படம் பதில் சொல்லாது. நெல் எந்த நாட்டில் விளைந்தது என்பது மணியின் முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ரகம் எது என்று அறியவே மரபணுச் சோதனை வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் படம் நன்றாகவே பதில் சொல்லும், நாம் சரியாகக் கேட்டால்.

உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1995-ல் அரிசிக்கு ஒரு தரம் வகுத்தது. அதன்படி முதலில் உடையாத முழு மணிகளின் சராசரி நீளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீளம் இருந்தால், முனை கொஞ்சம் போயிருந்தாலும் அது நல்ல அரிசிதான். முக்காலுக்குக் குறைந்து பாதிக்கு மேல் இருந்தால் பெரிய உடைசல். பாதியிலிருந்து கால் வரை நடுத்தர உடைசல். காலுக்கும் கீழே போனால் சின்ன உடைசல். 1.4 மில்லிமீட்டர் வட்டத் துளை போட்ட சல்லடையில் விழுந்துவிடுவது வெறும் நொய். நாட்டுக்கு நாடு இந்த எல்லைகள் கொஞ்சம் மாறும். ஆனால் எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. சதவீதம் என்றால் எடையில் சதவீதம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் அரிசி எடுத்துக்கொள்வோம். முழு மணியின் சராசரி நீளம் 6.6 மில்லிமீட்டர் என்று வைத்தால், முக்கால் எல்லை 4.95, பாதி 3.3, கால் 1.65. படத்தில் 1,340 துண்டுகள் தெரிகின்றன. அவற்றில் 940 நல்ல அரிசி, 130 பெரிய உடைசல், 190 நடுத்தரம், 80 சின்னது. உடைந்தவை மொத்தம் 400, அதாவது நூற்றுக்கு 30. இப்போது எடை. நல்ல மணி ஒன்று சுமார் 18 மில்லிகிராம். பெரிய உடைசல் 11, நடுத்தரம் 7, சின்னது 3.5 என்று வைத்துப் பெருக்கினால், உடைசல் முழுவதும் சேர்ந்தே சுமார் 3 கிராமைத்தான் தொடுகிறது. 20 கிராமில் 3 கிராம் என்றால் 15 சதவீதம். பையில் எழுதியது சரிதான். ஒரு மணி இரண்டாக உடைந்தால் எண்ணிக்கை கூடுகிறது, எடை கூடுவதில்லை. கண்ணை ஏமாற்றுவது அவ்வளவுதான்.

ஆக, படத்தை வைத்துத் தரம் சொல்ல நினைப்பவருக்கு முதல் வேலை, படத்தில் தெரியும் பரப்பை எடையாக மாற்றுவது. துண்டின் பரப்புக்கு ஏற்ப எடை இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும், ஆனால் முழுக்கச் சரியாக வராது. அரிசி மணி நடுவில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருக்கிறது. நடுவிலிருந்து வந்த துண்டும் முனையிலிருந்து வந்த துண்டும் மேலிருந்து பார்க்க ஒரே பரப்பாக இருந்தாலும் நடுத்துண்டுதான் கனம். படம் மேலிருந்து எடுப்பது, தடிமன் அதில் தெரியாது. வழி எளிது. ஒவ்வொரு வகையிலும் நூறு துண்டுகளைப் பொறுக்கி ஒரு முறை தராசில் நிறுத்துச் சராசரி எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ரகத்துக்கு அந்த எண்கள் போதும். ரகம் மாறினால் மறுபடி நிறுக்க வேண்டும், ஒல்லி அரிசிக்கும் குண்டு அரிசிக்கும் ஒரே எண் ஆகாது.

படம் எடுப்பதில் கருவி பெரிய விஷயமில்லை. ஆவணம் நகலெடுக்கும் மேசை ஸ்கேனர் இருந்தால் அதுவே நல்லது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் ஒரு புள்ளி 0.04 மில்லிமீட்டர்தான், 6.6 மில்லிமீட்டர் மணி 156 புள்ளி நீளம் வரும். கைப்பேசியில் ஒரு ஏ4 தாள் முழுவதையும் 4,000 புள்ளி அகலப் படமாக எடுத்தால் அதே மணிக்கு 89 புள்ளி கிடைக்கும். முக்கால் எல்லை 67-வது புள்ளியில் விழும். விளிம்பு ஓரிரு புள்ளி மங்கலானால் 0.15 மில்லிமீட்டர் வரை பிழை வரும். எல்லைக்கு அருகில் நிற்கும் மணிகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும், ஆனால் மொத்தக் கணக்கில் பெரிய கேடு இல்லை. கைப்பேசியில் பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் தாளின் தொலைவு ஓரத்தில் உள்ள மணிகள் எல்லாம் குட்டையாகிவிடும், நல்ல அரிசி உடைசலாகக் கணக்கில் ஏறும். படத்துக்குள்ளேயே நான்கு மூலையிலும் அளவு தெரிந்த ஒரு பொருளை, பத்து சென் நாணயமாகக்கூட இருக்கலாம், வைத்துவிட்டால் நான்கும் ஒரே அளவில் தெரிகின்றனவா என்று பார்த்துச் சாய்வைப் பிடித்துவிடலாம்.

அதைவிடத் தொல்லை மணிகள் ஒன்றையொன்று தொடுவது. பக்கவாட்டில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு மணிகளைக் கணினி ஒரே தடித்த மணியாக எடுத்துக்கொள்ளும். அது அகலத்தில் காட்டிக் கொடுத்துவிடும், பிரிப்பது சிரமமில்லை. இரண்டு உடைசல்கள் தலையும் காலுமாக ஒட்டிக் கிடந்தால்தான் ஆபத்து. படத்தில் அது அழகான ஒரு முழு மணி. இடுப்பில் லேசாகக் குறுகியிருக்கும் அந்த வளைவைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது மணிகள் தொடாதபடி பரப்ப வேண்டும். 1,340 துண்டுகளை ஒரே தாளில் தொடாமல் பரப்புவது எளிதல்ல. மூன்று நான்கு படமாகப் பிரித்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

இனி, அரிசி ஏன் உடைகிறது? ஆலையின் கல்லும் உருளையும் உடைக்கின்றன என்று நினைப்போம். ஆலை பெரும்பாலும் முன்பே விரிசல் விட்ட மணியைத்தான் உடைக்கிறது. விரிசல் ஈரத்தால் வருகிறது. வயலில் நன்றாகக் காய்ந்த நெல்லின் மேல் இரவுப் பனியோ திடீர் மழையோ விழுந்தால் மணியின் வெளிப்புறம் ஈரம் குடித்து உப்பும். உள்ளே காய்ந்திருக்கும் பகுதி அதோடு சேர்ந்து உப்ப முடியாது. அந்த இழுபறியில் மணியின் குறுக்கே ஒரு கோடு விழும். உலர்த்தும் எந்திரத்தில் அவசரப்பட்டாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும். இதில் வேடிக்கை, விரிசல் பல நேரம் உலர்த்தும்போது தெரிவதில்லை, எந்திரத்திலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். அதனால்தான் நல்ல ஆலைகளில் கொஞ்சம் உலர்த்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, மணிக்குள் ஈரம் சமமான பிறகு மறுபடி உலர்த்துகிறார்கள்.

பினாங்கின் நெல் ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவில் பெரிதாக விளைவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் பிறையின் சமவெளியில் விளைகிறது, அதை ஒட்டி வடக்கே கெடாவின் முடா சமவெளி. இரண்டு போகம். இயந்திரத்தால் அறுக்கிற நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு லாரியில் ஏறுகிறது. ஒரே வாரத்தில் எல்லாரும் அறுப்பார்கள், ஆலை வாசலில் வரிசை நிற்கும். வரிசை நீண்டால் உலர்த்தும் இடத்தில் சூட்டைக் கூட்டி வேகமாக முடிக்கத் தோன்றும். அந்த அவசரம் சில மாதம் கழித்துக் கடை மூட்டையில் குருணையாக வருகிறது.

விரிசலைப் படத்தில் பார்க்க முடியுமா? மேலிருந்து விளக்கு அடித்தால் முடியாது. கண்ணாடிப் பலகையின் கீழே விளக்கு வைத்து, மேலிருந்து எடுத்தால் மணி ஒளிரும், விரிசல் குறுக்கே கோடாகத் தெரியும். உமி நீக்கிய பழுப்பரிசியை இப்படிப் பார்த்தால், ஆலையில் தீட்டும் முன்பே எவ்வளவு உடையப் போகிறது என்று ஊகிக்கலாம். உடைந்த துண்டின் முனையும் ஒரு செய்தி சொல்கிறது. முனை மழுங்கி உருண்டிருந்தால், உடைந்த பிறகும் அது தீட்டும் எந்திரத்தில் தேய்ந்திருக்கிறது, அதாவது முன்னாலேயே உடைந்தது. முனை கூர்மையாக, புதிதாக இருந்தால் கடைசிக் கட்டத்திலோ மூட்டை தூக்கி எறியப்பட்டபோதோ உடைந்தது.

விளக்கு எங்கே இருக்கிறது என்பது அரிசியின் இன்னொரு குறைக்கு இன்னும் முக்கியம். சில மணிகளில் கண்ணாடிபோல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும். சில மணிகளில் வயிற்றுப் பக்கம் மட்டும், சிலவற்றில் நடுவில், சிலவற்றில் மணி முழுக்க. அங்கே மாவுச்சத்து அதிகம் என்று அர்த்தமில்லை. நல்ல மணியில் மாவுச்சத்துத் துகள்கள் முகம் முகமாகச் செதுக்கியதுபோல் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், ஒளி ஊடுருவிப் போகும். மாவு பூத்த இடத்தில் துகள்கள் உருண்டையாக, தளர்வாக, இடையே காற்றோடு இருக்கும். காற்றுக்கும் மாவுச்சத்துக்கும் இடையே ஒளி மோதி மோதிச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. தே தாரிக் பழுப்பாக இருக்க, அதன் நுரை வெளுத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

கறுப்பு அட்டையில் மேல் விளக்கில் எடுத்த படத்தில் மாவு பூத்த இடம் பளீரென்று வெள்ளை. கீழ் விளக்கில் எடுத்தால் அதே இடம் இருட்டு, ஒளி கடந்து வராததால். இரண்டு படமும் இருந்தால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். மேல் விளக்கு மட்டும் என்றால் மணியின் பளபளப்பே வெள்ளைப் புள்ளியாக விழுந்து, கணினி அதையும் மாவு என்று எழுதிக்கொள்ளும். விளக்கின் முன் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினால் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் போய்விடும். இயற்கையும் இங்கே கொஞ்சம் உதவுகிறது. அரிசி மணி பக்கவாட்டில் தட்டையானது, பரப்பினால் அந்தத் தட்டைப் பக்கத்திலேயே படுக்கும். அதனால் வயிறும் முதுகும் படத்தின் ஓரங்களில் தெரிகின்றன, வயிற்றில் பூத்த மாவு மறைந்துகொள்வதில்லை.

கதிர் முற்றும் நாட்களில் வெப்பம், அதுவும் இரவு வெப்பம், கூடினால் மாவு பூப்பது கூடுகிறது. மணிக்குள் மாவுச்சத்து அவசர அவசரமாக நிரம்பி, துகள்கள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாமல் போகிறது. 2023 கோடையில் ஜப்பானின் நீகாதாவில் கொளுத்திய வெயிலில், அந்த ஊரின் பெருமையான கோஷிஹிகாரி அரிசியில் முதல் தரம் பெற்றது 5 சதவீதத்துக்கும் கீழே போனது. விளைச்சல் அவ்வளவு விழவில்லை, மணிதான் வெளுத்துவிட்டது.

எவ்வளவு வெளுத்தால் குறை? இதில் ஆளுக்கு ஒரு அளவுகோல். கோடெக்ஸ் கணக்கில் மணியின் பரப்பில் முக்கால் பங்கு வெளுத்திருந்தால்தான் அது மாவு மணி. அமெரிக்கத் தரத்தில் பாதி போதும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமோ ரகங்களைச் சோதிக்கும்போது 20 சதவீதம் தாண்டினாலே மோசமான மதிப்பெண் போடுகிறது. பழைய முறையில் பரிசோதகர் ஒவ்வொரு மணியையும் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று பிரிப்பார், எண் அங்கேயே உறைந்துவிடும். படத்தில் ஒவ்வொரு மணிக்கும் வெளுத்த பங்கைச் சதவீதமாகவே வைத்துக்கொள்ளலாம், எந்த நாட்டுக் கோட்டையும் பிறகு போட்டுக்கொள்ளலாம். கைப்பிடி அரிசியைப் படமெடுப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

நம் வீடுகளில் இந்தக் குறையைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது மாவுச்சத்து குழைந்து இடைவெளிகள் மூடிக்கொள்கின்றன, விரிசலும் ஒட்டிக்கொள்கிறது. உடைசலும் குறையும், வெண்மையும் மறையும். புழுங்கல் மணியின் வயிற்றில் வெள்ளை தெரிந்தால் அது வெயிலின் வேலை இல்லை, ஆவி போதவில்லை என்று பொருள். பச்சரிசியிலும் மாவு பூத்த மணி சோறானதும் வெண்மை போய்விடும், காற்றிடத்தில் தண்ணீர் புகுந்துவிடுவதால். ஆலைக்குத்தான் அதனால் நட்டம், மாவு மணி தீட்டும்போது எளிதில் பொடிந்துவிடும். பலகாரத்துக்கு இங்கே வாங்கும் பூலுட் அரிசி, அதாவது ஒட்டும் அரிசி, இயல்பிலேயே முழுக்க வெள்ளை. அதைப் படமெடுத்தால் நூற்றுக்கு நூறு குறை என்று கணினி சொல்லும். அதனால்தான் கோடெக்ஸ் அதை இந்தக் கணக்கிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது.

நிறம் மாறிய மணிகளில் மூன்று வகையைப் பிரித்தால் போதும். மணி முழுக்க ஒரே சீராக மஞ்சளோடியிருந்தால், ஈர நெல் குவியலில் கிடந்து சூடேறியிருக்கிறது. ஆலை வாசல் வரிசையின் இன்னொரு விளைவு இது. நீளவாக்கில் பள்ளங்களில் மட்டும் பழுப்புக் கோடு இருந்தால், தவிடு முழுதாகப் போகவில்லை, அது குறையே இல்லை. ஒரு இடத்தில் வட்டப் புள்ளி, நடுவில் கருமை என்றால், பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நாவாய்ப் பூச்சி குத்திய இடம், மலாயில் கெசிங் என்பார்கள். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து கறை உண்டாகும். முதல் இரண்டையும் பிரிக்க நிறத்தைவிட நிறத்தின் வடிவம் உதவுகிறது. மஞ்சள் என்பதையே நம்ப வேண்டுமானால் விளக்கைச் சரிசெய்ய வேண்டும். பலர் வெண்மைக்கு அளவாக ஏ4 தாளை வைக்கிறார்கள். அந்தத் தாளில் வெண்மை கூட்டும் சாயம் இருப்பதால் பகல் வெளிச்சத்தில் அது லேசாக நீலம் பாரிக்கும், அதோடு ஒப்பிட்டால் நல்ல அரிசியும் மஞ்சளாகும். புகைப்படக்காரர் வைத்திருக்கும் சாம்பல் அட்டை நல்லது.

உமியோடு இருக்கும் நெல்லின் படம் இதற்கெல்லாம் முன்னே வர வேண்டியது, ஆனால் அது குறைவாகத்தான் சொல்லும். பொன்னிற உமி முற்றிய நெல், பச்சை முற்றாதது, உருண்டையாக மஞ்சளும் பச்சையுமாகத் திரண்டிருந்தால் நெல் பழம் நோய். உமியின் இரண்டு இதழும் சரியாக மூடாமல் இடைவெளி தெரிந்தால் சேமிப்பில் அந்துப்பூச்சிக்கு வழி. ஆனால் உமியில் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே மணியும் கறைபட்டிருக்கும் என்று சொல்ல முடியாது, பல நேரம் கறை உமியோடு நின்றுவிடும். பதரும் நிறைந்த நெல்லும் மேலிருந்து ஒரே மாதிரி. கீழே விளக்கு வைத்தால்தான் பதர் ஒளிரும், நிறைந்த நெல் கறுத்து நிற்கும். ஈரம் படத்தில் தெரியவே தெரியாது. மலேசிய ஆலை வாசலில் விவசாயிக்கு எடையில் கழிவு போடுவது ஈரம், பதர், தூசி எல்லாம் சேர்த்துத்தான். அந்தத் தகராறில் படம் பாதி சாட்சிதான், மீதிக்கு ஈரமானி வேண்டும்.

பழைய கணக்குக்குத் திரும்பி, எடையை முழு எண்ணாகச் சுருக்காமல் எடுத்தால், 20 கிராமில் 15.2 சதவீதம் வருகிறது. 15-ஐத் தாண்டிவிட்டது என்று அந்த மூட்டையின் மேல் புகார் எழுதலாமா? படம் அப்பழுக்கில்லாமல் இருந்தாலும், கைப்பிடியில் எத்தனை உடைசல் விழும் என்பதில் தற்செயல் இருக்கிறது. மேலே சொன்ன எண்களுக்கு அந்தத் தற்செயலைக் கணக்கிட்டால், சுமார் ஒன்றரை சதவீதம் கூடியோ குறைந்தோ வரலாம். நான்கு கைப்பிடி எடுத்துச் சராசரி போட்டால் அது பாதியாகும். அதுவும் நான்கும் மூட்டையின் வெவ்வேறு ஆழத்திலிருந்து வர வேண்டும், ஏனென்றால் லாரியில் குலுங்கும்போது குருணை கீழே இறங்கிவிடும். மேலாக அள்ளினால் அரிசி நல்ல தரமாகத் தெரியும், அடியில் அள்ளினால் 20 சதவீதத்தைத் தொடலாம். தரம் பார்க்கிறவர்கள் மூட்டையின் பக்கவாட்டில் குத்தூசியை வெவ்வேறு உயரத்தில் செருகி எடுப்பது இதற்காகத்தான். கடையில் நின்று பார்க்கிறவருக்குக் குத்தூசி கிடைக்காது. வீட்டில் மூட்டையை அகலமான பாத்திரத்தில் முழுக்கக் கொட்டிக் கிளறி, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கி, மீதியை மறுபடி நான்காகப் பிரித்து, 20 கிராம் வரும் வரை இப்படியே குறைத்துக்கொண்டு வரலாம். 10 கிலோவிலிருந்து அங்கே வர ஒன்பது முறை பிரிக்க வேண்டும்.